திருட்டுப் போன ஓட்டோவுக்குக் காசு மறுத்தால்: காப்புறுதிக் கம்பனிக்குச் சட்டத்தரணிக் கடிதம் எழுதும் முறை

"சேர், ஒரு கடிதம் போட்டால் பயந்து காசைத் தந்துவிடுவார்கள்தானே?" கம்பனி கைவிரித்த பிறகு சட்டத்தரணியிடம் வருகிற அநேகமானோர் இப்படித்தான் கேட்பார்கள். கம்பனி பயப்படாது. கொழும்புத் தலைமையகத்தில் இந்தக் கடிதங்களைப் படிப்பதற்கென்றே ஒரு சட்டப் பிரிவு இருக்கிறது. ஆனாலும் கடிதம் எழுதத்தான் வேண்டும். நாளைக்கு வழக்கோ, நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர் ஒருவர் பிணக்கைத் தீர்க்கும் நடுத்தீர்ப்போ நடந்தால், அங்கே முதலில் புரட்டப்படும் தாள்களில் அதுவும் ஒன்று. பயமுறுத்துவதற்காக எழுதிய கடிதம் அப்போது எழுதியவருக்கே வினையாகும்.

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் புதிதாகத் தொழிலுக்கு வந்த கனிஷ்ட சட்டத்தரணிகளையும், தங்கள் கோப்பைத் தாங்களே ஒழுங்குபடுத்தி எடுத்துச் செல்ல விரும்பும் வாகனக்காரரையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஒரு எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு போவோம். அது நான் கோர்த்த கதை, யாருடைய வழக்கும் அல்ல.

களுவாஞ்சிகுடியில் ஒருவர் வாடகைக்கு ஓட்டோ ஓட்டுகிறார். கல்முனைக் கிளையில் எடுத்த முழுக் காப்புறுதி, தொகை 14 இலட்சம் ரூபாய். வாடகை ஓட்டத்துக்கு என்று சொல்லித்தான் கட்டணம் கட்டியிருக்கிறார். லீசிங் கம்பனிக்கு இன்னும் 410,000 ரூபாய் பாக்கி. 2025 மார்ச் 8 சனிக்கிழமை இரவு வளவுக்குள் நிறுத்திய ஓட்டோவை விடிய 5 மணிக்குக் காணவில்லை. 6.40க்குப் பொலிஸில் முறைப்பாடு. 7.15க்குக் கம்பனியின் அவசர இலக்கத்துக்கு அழைப்பு. பதிவு இலக்கம் குறுஞ்செய்தியில் வந்தது. மார்ச் 13 அன்று கம்பனியின் விசாரணையாளர் வீட்டுக்கு வந்து வாக்குமூலம் எடுத்து, படம் பிடித்து, இரண்டு சாவிகளையும் பற்றுச்சீட்டுக் கொடுத்து வாங்கிப் போனார். எழுத்திலான கோரிக்கைப் படிவம் மார்ச் 20தான் கொடுக்கப்பட்டது. மே 2 அன்று, பொலிஸ் அறிக்கையும் லீசிங் கடிதமும் கொண்டுவரும்படி கம்பனி எழுதியது. ஜூலை 14 திகதியிட்ட மறுப்புக் கடிதம் ஜூலை 21 கைக்கு வந்தது. காரணம் இரண்டு: 7 நாளுக்குள் எழுத்தில் அறிவிக்கவில்லை, வாகனத்தைப் பாதுகாக்க நியாயமான கவனம் எடுக்கவில்லை.

முதலில் முழுப் பொலிசியையும் கையில் எடுங்கள்

கட்சிக்காரர் கொண்டுவருவது பெரும்பாலும் கண்ணாடியில் ஒட்டும் சான்றிதழும் ஒற்றைத் தாள் அட்டவணையும் மட்டும்தான். நிபந்தனைகள் அச்சிட்ட சிறு புத்தகம் வீட்டில் எங்கோ கிடக்கும், அல்லது கொடுக்கப்பட்டே இருக்காது. அது இல்லாமல் ஒரு வரியும் எழுத வேண்டாம். கிளைக்கு எழுத்தில் கேட்டுப் பிரதி வாங்குங்கள்.

அதில் நான்கு இடங்களை அடையாளமிடுங்கள். களவு காப்புறுதிக்குள் வருகிறதா என்பது ஒன்று. மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் என்றால் களவுக்கு ஒரு சதமும் இல்லை, விஷயம் அங்கேயே முடிந்தது. இரண்டாவது, அறிவித்தல் நிபந்தனை. மூன்றாவது, நடுத்தீர்ப்புப் பிரிவு. நான்காவது, கம்பனி பொறுப்பை மறுத்தால் எத்தனை மாதத்துக்குள் நீங்கள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று சொல்லும் வரி. இந்த நான்காவது பெரும்பாலும் நடுத்தீர்ப்புப் பிரிவின் வாலில் ஒளிந்திருக்கும். அதைத் தவறவிட்டால் மற்ற மூன்றும் உதவாது.

அப்புறம் வாகனப் பதிவுப் புத்தகம். லீசிங்கில் உள்ள வண்டியில் முழு உரிமையாளர் லீசிங் கம்பனி. ஓட்டுகிறவர் பதிவு உரிமையாளர் மட்டும். நட்டஈட்டில் முதல் பங்கு லீசிங் கம்பனிக்குப் போகும். ஆகவே கடிதம் அனுப்பும் முன் அவர்களிடமிருந்து நிலுவைத் தொகைக் கடிதமும், கோரிக்கையைத் தொடர ஆட்சேபணை இல்லை என்ற வரியும் வாங்கிவிடுங்கள். பதிவுப் புத்தகத்தில் பழைய சொந்தக்காரரின் பெயரே இருந்தால், அதாவது திறந்த பேப்பரில் வாங்கிய வண்டி என்றால், அது வேறு கதை. காப்புறுதி செய்யும் அளவுக்கு அந்த வண்டியில் இவருக்கு என்ன உரித்து என்ற கேள்விக்கே முதலில் பதில் தயார் செய்ய வேண்டும்.

காலக்கெடு: ஆறு வருடம் இருக்கிறது என்று நம்பி உட்கார வேண்டாம்

காலாவதி பற்றிய 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. எழுத்திலான ஒப்பந்தத்தின் மீதான வழக்கை, ஒப்பந்தம் மீறப்பட்ட நாளிலிருந்து 6 வருடத்துக்குள் தொடர வேண்டும் என்று அதன் 6ஆம் பிரிவு சொல்கிறது. காப்புறுதிப் பொலிசி எழுத்து ஒப்பந்தம். ஆகவே சட்டப்படி 6 வருடம்.

எந்த நாளிலிருந்து எண்ணுவது? மறுப்புக் கடிதத்தின் நாளே மீறல் நாள் என்று நாம் வாதிடலாம். களவு நடந்த அன்றே உரிமை பிறந்துவிட்டது என்று எதிர்த்தரப்பு வாதிடலாம். நாட்குறிப்பில் எழுதும்போது நமக்குப் பாதகமான நாளையே எழுத வேண்டும். எங்கள் எடுத்துக்காட்டில் 2025 மார்ச் 8 இரவிலிருந்து எண்ணி, 2031 மார்ச் 7 என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த 6 வருடத்தை நம்பித்தான் ஆட்கள் கெடுகிறார்கள். மோட்டார் பொலிசிகளில் வழக்கமாக வரும் ஒரு நிபந்தனை ஏறத்தாழ இப்படி இருக்கும்: கம்பனி பொறுப்பை மறுத்து, மறுத்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் அந்தக் கோரிக்கை நடுத்தீர்ப்புக்கு அனுப்பப்படாவிட்டால், அல்லது வழக்குத் தொடரப்படாவிட்டால், கோரிக்கை கைவிடப்பட்டதாகக் கருதப்படும். மறுப்புக் கடிதத்தின் திகதி ஜூலை 14. எனவே கெடு 2026 ஜூலை 13. கடிதம் கைக்கு வந்தது ஜூலை 21 என்று ஒரு வாரம் கூட்டிக்கொள்ள வேண்டாம். ஆனால் முத்திரை குத்திய கடித உறையைப் பத்திரமாக வையுங்கள். ஒருநாள் அந்த வாதம் தேவைப்படலாம்.

கெடு நடுத்தீர்ப்புக்கா வழக்குக்கா என்பதைச் சொல் சொல்லாகப் பாருங்கள். சில பொலிசிகளில் தொகை பற்றிய பிணக்கு மட்டுமே நடுத்தீர்ப்புக்குப் போகும். பொறுப்பே இல்லை என்று கம்பனி சொன்னால் நீதிமன்றம்தான். வேறு சிலவற்றில் எல்லாப் பிணக்கும் நடுத்தீர்ப்புக்கே. இரண்டாவது வகைப் பொலிசியை வைத்துக்கொண்டு நேரே மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனால், 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நடுத்தீர்ப்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவைக் காட்டிக் கம்பனி ஆட்சேபிக்கும். ஆட்சேபித்தால் நீதிமன்றத்துக்கு அந்த வழக்கைக் கேட்க நியாயாதிக்கம் இல்லை. அந்த ஆட்சேபணைக்கு ஒரு கட்டளை வருவதற்குள் 12 மாதம் ஓடிப்போய்விடும். கட்சிக்காரருக்கு அதற்கப்புறம் இரண்டு வாசலும் அடைப்பு.

இன்னொன்று. சட்டத்தரணிக் கடிதம் அனுப்புவதால் எந்தக் கெடுவும் நிற்காது. பதிலுக்குக் கம்பனி "பரிசீலிக்கிறோம்" என்று எழுதினாலும் நிற்காது. கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டால் 6 வருடக் கணக்கில் அதற்குப் பலன் உண்டு. தொலைபேசியில் கிளை முகாமையாளர் சொன்ன ஆறுதலுக்கு ஒன்றும் இல்லை. காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடமோ காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடமோ முறையிடுவது நல்ல வழிதான். ஆனால் அங்கே கோப்பு இருக்கிறது என்பதற்காகப் பொலிசியின் 12 மாதம் காத்திருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள்.

இணையத்தில் தமிழில் கிடைக்கும் மாதிரிக் கடிதங்களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவற்றில் அநேகம் தமிழ்நாட்டில் எழுதப்பட்டவை. நுகர்வோர் ஆணையத்தில் 2 வருடத்துக்குள் வழக்கு என்று அவை சொல்வது இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி. இலங்கையில் அந்த ஆணையமும் இல்லை, அந்த 2 வருடமும் இல்லை. உரிமையையே அழிக்கும் கால நிபந்தனை செல்லாது என்று அங்கே ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆம் பிரிவு சொல்வதால், 12 மாத நிபந்தனையைப் பற்றி அந்த மாதிரிகள் கவலைப்படுவதும் இல்லை. அதை அப்படியே தட்டச்சு செய்து அனுப்பிய கடிதத்தைப் பார்த்தால், எதிர்ப்பக்கச் சட்டத்தரணிக்கு உங்கள் ஆழம் முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

கடிதத்தின் உடல்

விலாசம் கம்பனியின் பதிவு செய்யப்பட்ட தலைமையகம். பிரதி கல்முனைக் கிளைக்கு. தலைப்பில் பொலிசி இலக்கம், கோரிக்கை இலக்கம், வாகன இலக்கம். தலைப்புக்கு மேலே "உரிமைகளுக்குப் பங்கமின்றி" என்று போட வேண்டாம். கனிஷ்டர்கள் பலர் அதை ஏதோ மரியாதைச் சொல் போலப் பழக்கத்தில் போட்டுவிடுகிறார்கள். அது சமரசப் பேச்சுக்கான கடிதத்தில் போடுவது. அதைப் போட்ட கடிதத்தைப் பிறகு சான்றாக முன்வைக்கப் போனால் ஆட்சேபணை வரும். கோரிக்கைக் கடிதமோ சான்றாக வைப்பதற்கென்றே எழுதப்படுவது.

இதற்குப் பின்னால் ஒரு நல்ல தீர்ப்பு இருக்கிறது. சரவணமுத்து எதிர் டி மெல் வழக்கில் (49 புதிய சட்ட அறிக்கைகள், பக்கம் 529), வியாபார விடயங்களில் ஒருவர் இன்ன நிலைமை உள்ளது என்று கடிதத்தில் எழுதினால், அதை ஏற்காதவர் பதில் எழுதி மறுக்க வேண்டும், பேசாமல் இருந்தால் ஒப்புக்கொண்டதாகக் கொள்ளலாம் என்று சொல்லப்பட்டது. ஆகவே கடிதத்தில் எழுதும் ஒவ்வொரு நிகழ்வும் இலக்கமிட்ட தனிப் பந்தியாக, ஒரே ஒரு விஷயத்தைச் சொல்வதாக இருக்கட்டும். "எமது கட்சிக்காரர் பெரும் மன உளைச்சலுக்கு ஆளாகி" என்பது மாதிரியான வரிகளுக்குக் கம்பனி பதில் சொல்லத் தேவையில்லை. "2025.03.09 அன்று காலை 7.15க்கு உங்கள் அவசர இலக்கத்துக்கு அறிவித்தார்" என்பதற்கு ஆம் அல்லது இல்லை என்று சொல்லியே ஆக வேண்டும்.

எங்கள் எடுத்துக்காட்டில் நடுப்பகுதி இப்படி வரும்:

> 4. மேற்படி வாகனம் 2025.03.08 இரவு 10.00 மணிக்கும் 2025.03.09 அதிகாலை 5.00 மணிக்கும் இடையில், எமது கட்சிக்காரரின் வீட்டு வளவினுள், கைபிடி பூட்டப்பட்ட நிலையில் இருந்தபோது களவாடப்பட்டது.
>
> 5. எமது கட்சிக்காரர் 2025.03.09 காலை 6.40 மணிக்குப் பொலிஸில் முறைப்பாடு செய்தார். அதன் பிரதி இத்துடன் "அ" என இணைக்கப்பட்டுள்ளது.
>
> 6. அன்றே காலை 7.15 மணிக்கு உங்கள் அவசர இலக்கத்துக்கு அறிவித்தார். நீங்கள் அதனை ஏற்றுப் பதிவு இலக்கம் ஒன்றை வழங்கினீர்கள். அக்குறுஞ்செய்தியின் பிரதி "ஆ".
>
> 7. 2025.03.13 அன்று உங்கள் விசாரணையாளர் களவு நடந்த இடத்தைப் பரிசோதித்து, வாக்குமூலம் பெற்று, இரு சாவிகளையும் பொறுப்பேற்றார். பற்றுச்சீட்டின் பிரதி "இ".
>
> 8. எழுத்திலான அறிவித்தல் 2025.03.20 அன்று கிடைத்ததை அறிந்திருந்தும், எவ்வித ஆட்சேபணையும் இன்றி, 2025.05.02 கடிதத்தின் மூலம் மேலதிக ஆவணங்களைக் கோரினீர்கள். அதன் பிரதி "ஈ".

பந்தி 8தான் இந்தக் கடிதத்தின் முதுகெலும்பு. 7 நாளுக்குள் எழுத்தில் அறிவிக்கவில்லை என்பது உண்மை. அதை மறைக்கப் போனால் கடிதம் முழுவதும் சந்தேகத்துக்குரியதாகும். மாறாக, தாமதம் தெரிந்த பிறகும் கம்பனி கோரிக்கையை உயிரோடு வைத்து நடத்தியது. ஆகவே அந்த நிபந்தனையை அது விட்டுக்கொடுத்துவிட்டது என்பதே நமது வாதம். கூடவே, விசாரணையாளர் ஐந்தாம் நாளே வந்துவிட்டதால் தாமதத்தினால் கம்பனிக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. இதெல்லாம் வென்றே தீரும் வாதம் என்று சொல்லவில்லை. நிபந்தனைகளை நிறைவேற்றுவது பொறுப்புக்கு முன்நிபந்தனை என்று பொலிசி எழுதியிருந்தால் கம்பனி அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பொலிஸில் உடனே முறைப்பாடு செய்திருந்தால், காப்புறுதிக் கம்பனிக்கு அறிவிப்பதில் ஏற்பட்ட தாமதத்தை மட்டும் காட்டிக் களவுக் கோரிக்கையை மறுக்க முடியாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2020இல் குர்ஷிந்தர் சிங் வழக்கில் தீர்த்தது. நமது நீதிமன்றத்தை அது கட்டுப்படுத்தாது. வாதத்துக்கு வலு சேர்க்கும். கடிதத்தில் போடாமல் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

கவனமின்மை என்ற இரண்டாவது காரணத்துக்கு நீளமாகப் பதில் வேண்டாம். என்ன செய்திருக்க வேண்டும், எதைச் செய்யவில்லை என்று மறுப்புக் கடிதத்தில் ஒரு விபரமும் இல்லை என்பதைச் சொல்லி, விசாரணையாளரின் அறிக்கையையும் படங்களையும் கேளுங்கள். அவர்கள் தரப்போவதில்லை, கேட்டும் தரவில்லை என்பது பதிவாகட்டும். சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போன கட்சிக்காரர் என்றால் இந்தப் பந்தியை இப்படி எழுத முடியாது. எழுதுமுன் பொலிஸ் முறைப்பாட்டில் சாவியைப் பற்றி அவர் சொன்னதையும் விசாரணையாளரிடம் சொன்னதையும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பாருங்கள். இரண்டும் முட்டினால் அதைத் தீர்த்துக்கொண்ட பிறகே கடிதம்.

எவ்வளவு கேட்பது

14 இலட்சத்தையும் கேட்க எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். ஆனால் வழக்கமான பொலிசி தருவது களவு நடந்த அன்றைய சந்தைப் பெறுமதி. காப்புறுதித் தொகை அதற்கு உச்ச வரம்பு மட்டுமே. அன்று அந்த வருடத்து ஓட்டோவின் பெறுமதி 1,320,000 ரூபாய் என்று மதிப்பீட்டாளர் ஒருவர் எழுதித் தருகிறார் என்று வைப்போம். அட்டவணையில் கட்சிக்காரர் தாமே ஏற்க வேண்டிய தொகை 25,000. கேட்பது 1,295,000. அதில் லீசிங் பாக்கி 410,000 போனால் கட்சிக்காரரின் கைக்கு வருவது 885,000. இந்தக் கடைசி இலக்கத்தைக் கடிதம் அனுப்பும் முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் 14 இலட்சக் கனவோடு இருப்பவர் பிறகு உங்களைத்தான் சந்தேகிப்பார். கோரிக்கை நாளிலிருந்து சட்டபூர்வ வட்டியையும் சேர்த்துக் கேளுங்கள்.

முடிவுப் பந்திகள் இப்படி:

> 12. ஆகவே இக்கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் ரூபாய் 1,295,000ஐயும் அதற்கான சட்டபூர்வ வட்டியையும் செலுத்துமாறு கோருகிறோம்.
>
> 13. அவ்வாறு செலுத்தத் தவறின், பொலிசியின் நடுத்தீர்ப்புப் பிரிவின்படி மேற்படி பிணக்கை நடுத்தீர்ப்புக்கு அனுப்புவதற்கான அறிவித்தலாகவும் இக்கடிதத்தைக் கொள்க.

பந்தி 13 எல்லாப் பிணக்கையும் நடுத்தீர்ப்புக்கு அனுப்பும் பொலிசிக்கு மட்டும். நடுத்தீர்ப்பாளரை நியமிக்கும் முறையைப் பொலிசி சொல்லியிருந்தால் அந்த முறைப்படி பெயரையும் இதிலேயே முன்மொழியுங்கள். மற்ற வகையானால் அந்த இடத்தில் வழக்குத் தொடரப்படும் என்று எழுதினால் போதும். எந்த நீதிமன்றம் என்று கடிதத்தில் சொல்லத் தேவையில்லை. ஆனால் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்: ஒப்பந்தம் செய்யப்பட்ட இடத்திலும் வழக்குக்கான காரணம் எழுந்த இடத்திலும் தொடரலாம் என்று குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 9ஆம் பிரிவு இடம் தருகிறது. பொலிசி கல்முனைக் கிளையில் எடுக்கப்பட்டதாகக் காட்ட முடிந்தால் கொழும்புக்கு அலையாமல் கல்முனை மாவட்ட நீதிமன்றத்தைப் பார்க்கலாம். அதற்காகத்தான் கிளையின் முத்திரை உள்ள கட்டணப் பற்றுச்சீட்டைத் தேடச் சொல்வது. தொகை சிறியதாக, பழைய மோட்டார் சைக்கிள் போல, இருந்தால் வழக்குக்கு முன் மத்தியஸ்த சபைக்குப் போய் இணக்கமின்மைச் சான்றிதழ் எடுக்க வேண்டி வருமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடிதம் எந்த மொழியில்? நீதிமன்றத்தில் இங்கே தமிழில்தான் நடக்கும். ஆனால் பொலிசி ஆங்கிலத்தில் இருந்தால் அதன் நிபந்தனைகளை ஆங்கிலத்திலேயே எடுத்து எழுதுங்கள். மொழிபெயர்த்த நிபந்தனையை வைத்துச் சண்டை பிடிப்பது வீண் வேலை.

அனுப்புவதும், பதில் வந்தால் செய்வதும்

கட்சிக்காரரிடமிருந்து எழுத்தில் அறிவுறுத்தல் வாங்கிக் கையொப்பமிடச் செய்யுங்கள். கடிதம் பதிவுத் தபாலில், கிடைத்தமைக்கான அத்தாட்சி அட்டையோடு போக வேண்டும். தபாற்கந்தோர் தரும் சிறு துண்டை அலுவலகப் பிரதியின் மூலையில் அன்றைக்கே ஒட்டிவிடுங்கள். அதைத் தொலைத்துவிட்டுக் கடிதம் போனது என்று நிரூபிப்பது பெரும்பாடு. மின்னஞ்சலிலும் ஒரு பிரதி அனுப்பலாம், பதிவுத் தபாலுக்குப் பதிலாக அல்ல. மூலப் பத்திரங்கள் எதுவும் கடிதத்தோடு போகக் கூடாது.

பதில் மூன்று மாதிரி வரும். பழைய காரணங்களையே திரும்பச் சொன்னால் நல்லது, பிணக்கு எதுவென்று உறுதியாகிவிட்டது. புதிய காரணம் ஒன்றைக் கொண்டுவந்தால், உதாரணமாக ஓட்டியின் அனுமதிப்பத்திரத்தை இழுத்தால், ஜூலை 14 கடிதத்தில் அது ஏன் இல்லை என்று ஒரு குறுகிய மறுகடிதம் போதும். மூன்றாவது, குறைந்த தொகைக்கு இணக்கம். எட்டு இலட்சம் தருகிறோம், இந்த விடுவிப்புப் பத்திரத்தில் கையொப்பமிடுங்கள் என்பார்கள். "முழுமையானதும் இறுதியானதுமான தீர்வு" என்ற சொற்கள் அதில் இருந்தால், கையொப்பமிட்ட பிறகு மீதியைக் கேட்பது மிகக் கடினம். அந்த எட்டில் லீசிங் பாக்கி உள்ளடங்குமா என்று எழுத்தில் கேட்காமல் பேனாவைத் தொட வேண்டாம். உள்ளடங்கினால் கட்சிக்காரருக்கு மிஞ்சுவது 390,000 மட்டுமே.

பதிலே வராவிட்டால் 14 நாள் முடிந்த கையோடு ஒரு நினைவூட்டல், அவ்வளவுதான்; மூன்றாவது கடிதம் வேண்டாம். நடுத்தீர்ப்புக்கான மற்ற நடவடிக்கைகளையோ வழக்குப் பத்திரங்களையோ 2026 ஏப்ரல் மாதத்துக்குள் தயார் நிலையில் வையுங்கள். மே, ஜூன் மாதங்களில் கட்சிக்காரர் ஒரு ஆவணத்தைத் தேடிக்கொண்டிருப்பார், பொலிஸ் அறிக்கையின் சான்றுப்படுத்திய பிரதி தாமதமாகும், லீசிங் கம்பனி கிளை மாறியிருக்கும். ஜூலை 13 ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்திய வெள்ளிக்கிழமையையே கடைசி நாளாகக் கோப்பின் மேலட்டையில் சிவப்பு மையால் எழுதிவிடுங்கள்.